தாமதம் தானாக ஏற்படவில்லை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் அலுவலகத்தில் ‘லாம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அவர் வருகிறார் என்றால் “லாம் வருது” என்று ஒருத்தருக்கொருத்தர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். நானும்தான். வீட்டில் அவர் எனக்கு மாமா, அலுவலகத்தில் சார், அவர் இல்லாத இடத்தில் லாம்.

பெயர் வந்த காரணம் ரொம்பச் சுலபம். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் அந்த இரண்டு எழுத்தில்தான் முடியும். “சார், இந்த வாரம் முடியுமா?” “முடிச்சிடலாம்.” “சார், லீவு வேணும்.” “பாத்துக்கலாம்.” வீட்டில் குழாய் சொட்டுகிறது என்று அக்கா சொன்னால் “சரி பண்ணிடலாம்.” அந்தக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பா, “எம் பொண்ண நல்லா வச்சுப்பீங்களா?” என்று கேட்டதற்கு இந்த மனிதர், “வச்சுக்கலாம் சார்” என்றாராம். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்த அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் நிச்சயமானது.

கெட்ட மனிதர் இல்லை. சொல்லப்போனால் நல்லவர் என்பதுதான் அவருடைய கோளாறே. ‘முடியாது’ என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. வாசலில் பொருள் விற்க வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மூன்று தண்ணீர் வடிகட்டி வாங்கி வைத்திருக்கிறார். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. வாடுகிற முகத்தை நாளைக்குத் தள்ளிப் போடுகிறோம், நாளைக்கு அது இன்னும் பெரிதாக வாடும் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

எங்களுடையது சின்ன சாப்ட்வேர் கம்பெனி. மாமாவைப் புதிதாக ஒரு வேலைக்குத் தலைமை ஆக்கியிருந்தார்கள். மூன்று கிளைகள் உள்ள ஒரு பல் மருத்துவமனை. நோயாளிகள் போனிலேயே மருத்துவரின் நேரத்தைப் பதிவு செய்துகொள்ள ஒரு சாப்ட்வேர் வேண்டும். முதலில் தலைமைக் கிளைக்குச் செய்து தருவது, திருப்தியாக இருந்தால் மற்ற இரண்டு கிளைகளும் நமக்கே. புரோகிராம் எழுதுகிறவன் ஒரு பையன். காதில் மாட்டியதைக் குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று தெரியாததால் அவனுக்கு ஹெட்போன் என்று பெயர். எழுதியதைச் சோதித்துப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிறவள் நான்.

ஓட்டை கண்டுபிடித்தேன். அந்த மருத்துவமனையின் டாக்டர்களில் இரண்டு பேர் நாள் முழுக்க ஒரே கிளையில் உட்காருவதில்லை. காலையில் ஒரு கிளை, மாலையில் இன்னொன்று என்று சுற்றுகிறார்கள். எங்கள் சாப்ட்வேரோ அவர்கள் வேறு கிளையில் இருக்கும் நேரத்துக்கும் இங்கே பதிவு கொடுத்து, ஒரு டாக்டரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் உட்கார வைத்தது. ஒப்படைக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே மாமாவிடம் சொல்லிவிட்டேன். ஹெட்போனும், “இது அடியிலேர்ந்து மாத்தணும் சார், வெள்ளிக்கிழமை ஆகாது” என்றான். மாமா தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டர் அம்மா போன் செய்து, “வெள்ளிக்கிழமை தந்துடுவீங்கல்ல?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றிருந்தேன். இந்த மனிதர் வாயைத் திறந்து, “தந்துடலாம் டாக்டர்” என்றார்.

‘லாம்’ என்று சொல்லும்போது சொல்கிறவருக்கு அது வெறும் ஆசை. கேட்கிறவருக்கு அது வாக்கு. டாக்டர் அம்மா வாக்கு என்று எடுத்துக்கொண்டார். ‘திங்கட்கிழமை முதல் போனிலேயே நேரம் பதிவு செய்யலாம்’ என்று நோயாளிகள் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். வரவேற்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை இன்னொரு கிளைக்கு மாற்றியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா அனுப்பிய செய்தி: “கிட்டத்தட்ட முடிந்துவிட்டது டாக்டர், திங்கள் காலை பார்த்துக்கொள்ளலாம்.” திங்கட்கிழமை காலை நோயாளிகள் டாக்டர் அம்மா அனுப்பிய செய்தியில் இருந்த இணைப்பைத் தட்டினால் வெள்ளைத் திரை. எல்லோரும் மருத்துவமனைக்குப் போன் அடித்தார்கள். போனை எடுக்க ஒரே ஒரு பெண். பாதிப் பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

டாக்டர் அம்மா எங்கள் முதலாளியைக் கூப்பிட்டுச் சுருக்கமாகப் பேசினார். “நாளைக்குக் காலைல பேஷண்ட் வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தரேன். உங்க ஆளு வீடியோ கால்ல வந்து விளக்கம் சொல்லட்டும். வேற கம்பெனிய வரச்சொல்லியிருக்கேன், அதையும் தெரிஞ்சுக்கோங்க.” முதலாளி மாமாவை அறைக்குள் கூப்பிட்டார். கத்தவில்லை. “இந்த கிளையன்ட் போச்சுன்னா உங்க டீமைக் கலைச்சுடுவேன். நீங்க பழைய வேலைக்கே போயிடுங்க. நாளைக்கு என்ன பேசப் போறீங்கன்னு எழுதி வச்சுப் பேசுங்க” என்றார். பழைய வேலை என்றால் அடுத்தவர்கள் விற்ற சாப்ட்வேருக்குப் போனில் புகார் கேட்கிற வேலை. மாமா பதினொரு வருஷம் அதைச் செய்தவர். வெளியே வந்தவர் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நானும் போயிருந்தேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. வேடிக்கை பார்க்கவும்தான் போனேன்.

என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எது எவ்வளவு தாமதம் என்று நாள் முழுக்க மைக்கில் சொல்கிறவள். சீருடையைக்கூட மாற்றாமல் தேநீர்க் கோப்பையோடு எதிரில் உட்கார்ந்தாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“தவிர்க்க முடியாத சில காரணங்களால் தாமதம் ஏற்பட்டுள்ளது. இதனால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமங்களுக்கு வருந்துகிறோம். குறைபாடுகள் விரைவில் சரிசெய்யப்படும்.”

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். “இது என்னோட டயலாக் ஆச்சே. நீங்க எதுக்குச் சொல்றீங்க?”

“முறையா இருக்கட்டுமேன்னுதான்…”

“தவிர்க்க முடியாததுன்னா, யாரு தவிர்க்கப் பாத்தா? நீங்க பாத்தீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“சிரமம் ஏற்பட்டிருக்கக்கூடியன்னா என்ன அர்த்தம்?” அக்கா விடவில்லை. “ஏற்பட்டுச்சா, இல்லையா? அந்தம்மா காலையிலேர்ந்து படாதபாடு பட்டிருக்காங்க. நீங்க என்னமோ பட்டிருந்தாலும் பட்டிருப்பீங்கங்கிறீங்க. தாமதம் ஏற்பட்டுச்சாம். அது என்ன மழையா, தானா ஏற்படறதுக்கு?”

மாமா காகிதத்தைக் கசக்கிவிட்டு அடுத்ததை எழுதினார். எழுதி முடித்ததை வாங்கிப் பார்த்தேன். வரிக்கு வரி மன்னிப்பு. ‘இப்பொறுப்புக்கு நான் தகுதியற்றவன் என்பதை உணர்கிறேன்’ என்று வேறு.

“மாமா, இதக் கேட்டா டாக்டர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவங்க தர்ற நேரத்துல பாதி உங்க கண்ணத் தொடைக்கவே சரியாப் போயிடும்” என்றேன்.

“அப்போ என்னதான் எழுதச் சொல்ற?” என்று கொஞ்சம் சூடாகவே கேட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அக்காதான் பேசினாள். இந்த முறை கிண்டல் இல்லை. “நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘வருந்துகிறோம்’னு சொல்றேன். இத்தனை வருஷத்துல ஒரு பயணிகூட கவுண்டருக்கு வந்து, எவ்வளவு வருந்தறீங்கன்னு கேட்டதில்ல. வண்டி எப்போ வரும், எந்த பிளாட்பாரம், அதுவரைக்கும் வேற வண்டி இருக்கா. இதத்தான் கேக்கறாங்க. அதையும் நான் குத்துமதிப்பாச் சொல்லி, அந்த நேரத்துக்கும் வண்டி வரலைன்னா, முதல்ல வந்த கோபத்தவிட ரெண்டாவது கோபம்தான் பெருசு.”

மாமா வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “உனக்கு டெஸ்டிங்குக்கு எத்தனை நாள் வேணும்?” என்றார். “ஹெட்போன் எப்போ முடிக்கிறானோ, அதுக்கப்புறம் ஒரு முழு நாள்” என்றேன். “அப்போ அவனைக் கேக்காம என்னால தேதி எழுத முடியாது” என்று காகிதத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார். அவர் வாயிலிருந்து ‘முடியாது’ வந்ததை அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கவனித்தோம். எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் ஹெட்போனின் மேஜைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவன் வந்ததும் கேட்டார். “ரெண்டு கிளையில உட்கார்ற டாக்டருங்க விஷயம் எப்போ முடியும்?”

“நாளைக்கே முடிச்சிடலாம் சார்.”

தொத்துவியாதிதான், வேறென்ன.

“முடிச்சிடலாமா, முடிப்பீங்களா?” என்றார் மாமா.

ஹெட்போன் காதில் இருந்ததைக் கழற்றினான். அதுவே எனக்கு ஒரு செய்தி. கொஞ்சம் யோசித்து, “நாளைக்கு முடிக்க மாட்டேன் சார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆகும்” என்றான். “நாளைக்கு என்ன தர முடியும்?” என்று மாமா கேட்டார். தலைமைக் கிளையை விட்டு நகராத மூன்று டாக்டர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, அவர்களுக்கு மட்டும் நாளை மதியமே திறந்துவிட முடியும் என்றான். “ஏற்கெனவே டெஸ்ட் பண்ணிட்டேன்” என்று நானும் சொன்னேன். மாமா காலியிடத்தை நிரப்பினார். நிரப்பியதை எங்கள் இருவருக்கும் காட்டி, சம்மதமா என்று கேட்டார். பிறகு முதலாளியிடமும் காட்டினார்.

டாக்டர் அம்மா திரையில் வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது. பின்னால் பல் நாற்காலி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. “சொல்லுங்க” என்றார். மாமா காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“டாக்டர், வெள்ளிக்கிழமை தரேன்னு சொன்னதை நாங்க தரல. உங்க பேஷண்டுங்க நேத்து எல்லாரும் வெள்ளைத் திரையைப் பாத்தாங்க, உங்க வரவேற்புல ஒருத்தர் தனியாத் தவிச்சாங்க. ரெண்டு கிளைக்குப் போற டாக்டரை எங்க சாப்ட்வேர் அவர் அங்க இருக்கற நேரத்துக்கும் இங்க பதிவு பண்ணுச்சு. அதை ஆரம்பத்துலயே உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்காதது என் தப்பு.”

இதுவரை காகிதத்தில் இருந்தது. அடுத்து அவர் சொன்னது காகிதத்தில் இல்லை.

“வெள்ளிக்கிழமை முடியாதுன்னு எனக்குப் புதன்கிழமையே தெரியும். நீங்க கேட்டப்போ தந்துடலாம்னு சொன்னேன். அப்பவே உண்மையச் சொல்லியிருந்தா நீங்க அந்தச் செய்தியை அனுப்பியிருக்க மாட்டீங்க.”

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போச்சு, கேட்காததையும் சொல்லித் தொலைத்துவிட்டார் இந்த மனுஷன் என்று நினைத்தேன். டாக்டர் அம்மா “மேல சொல்லுங்க” என்று கையை மட்டும் அசைத்தார்.

மாமா சொன்னார். இன்றைக்கே அந்த வெள்ளைத் திரைக்குப் பதில், பேரும் நம்பரும் விட்டால் திரும்பக் கூப்பிடுவோம் என்று ஒரு பக்கம் வந்துவிடும். அப்படிக் கூப்பிட எங்கள் ஆள் ஒருவர் இன்று முதல் எல்லாம் முடியும்வரை மருத்துவமனை வரவேற்பிலேயே இருப்பார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. புதன் மதியம் மூன்று டாக்டர்களுக்குத் திறப்போம். வியாழன் வேலை முடியும், வெள்ளி முழுக்கச் சோதனை, திங்கட்கிழமை காலை மற்ற இரண்டு டாக்டர்களுக்கும் திறப்போம். நோயாளிகளுக்கு அவர்கள் வரவேண்டிய நாளுக்கு முதல் நாளே நினைவூட்டும் குறுஞ்செய்தியும் அன்றுதான். தினமும் சாயங்காலம் மெயில் வரும், நல்ல செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஏதாவது தள்ளிப்போகும் என்று தெரிந்தால், தெரிந்த அன்றே போன் செய்வேன். இப்போது பேசிய எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன்.

“வெள்ளிக்கிழமையே எல்லாம் தர முடியாதா?” டாக்டர் அம்மா கேட்டார். முதலாளி மாமாவைப் பார்த்துச் சின்னதாகத் தலையை ஆட்டினார். சொல்லுய்யா, சரின்னு சொல்லு என்று அர்த்தம். மாமா அதைப் பார்த்தார்.

“முடியாது டாக்டர். வெள்ளிக்கிழமைன்னா டெஸ்ட் பண்ணாமத் தரணும். திங்கட்கிழமை தரேன்.”

டாக்டர் அம்மா முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டார். “புதன்கிழமை வரட்டும், பாக்கறேன். அந்தக் கம்பெனிய இன்னும் வேண்டாம்னு சொல்லல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரவேற்பில் உட்காரப்போகும் அந்த ‘எங்கள் ஆள்’ யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மாமா என் பக்கம் திரும்பி ரொம்பப் பவ்வியமாகச் சிரித்தார். சோதனையையும் அங்கே உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் செய்ய வேண்டுமாம். அக்காவிடம் சொல்லி இவரை ஒரு வழி பண்ண வேண்டும் என்று கறுவிக்கொண்டே போனேன்.

போனபிறகுதான் எங்களுடைய ஒரு ‘லாம்’ அங்கே என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. வரவேற்புப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு கன்னம் மட்டும் பந்தாக வீங்கிய ஒருவர், நேற்று முழுக்கத் திரையைத் தட்டிப் பார்த்ததாகச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் இருக்கட்டும்மா, டாக்டர் எப்போ பாப்பாங்க?” என்றார். அக்கா சொன்னது அப்படியே இருந்தது. அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த போனை எடுத்தேன்.

புதன்கிழமை மதியம் மூன்று டாக்டர்களுக்குத் திறந்தது. ஒழுங்காகவே ஓடியது. டாக்டர் அம்மா என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர்கள் பேசிவைத்த அந்த வேறு கம்பெனிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்ததை வரவேற்புப் பெண் எனக்குச் சொன்னாள். மாமாவிடம் சொல்லவில்லை. இருக்கிற பயம் போதும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹெட்போன் சொன்ன வேலையை முடித்துவிட்டான். ஆனால் இன்னொன்று முளைத்தது. நினைவூட்டும் குறுஞ்செய்தியில் என்ன வாசகம் போகும் என்பதற்குத் தொலைபேசி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அது திங்கட்கிழமைக்குள் வராது என்று அன்றுதான் தெரிந்தது. சின்ன விஷயம். இதையாவது அமுக்கி வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை மெதுவாகச் சொன்னால் என்ன என்றுதான் எனக்கே தோன்றியது, பொய் சொல்வானேன்.

அப்போது வரவேற்பு மேஜையில் நின்று மறுநாள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அம்மாவின் போன் அடித்தது. கையில் உறை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மாமாவின் குரல்.

“டாக்டர், திங்கட்கிழமை ரெண்டு டாக்டருக்கும் திறக்கறது உறுதி. ஆனா குறுஞ்செய்தி மட்டும் அன்னைக்கு வராது, புதன்கிழமைதான். அதுவரைக்கும் முதல் நாள் சாயங்காலம் பேஷண்டுங்களுக்குப் போன் பண்ணிச் சொல்ல எங்க ஆளு அங்கயே இருப்பாங்க.”

எங்க ஆளு. நான்தான். இருக்கட்டும்.

டாக்டர் அம்மா நெற்றியைச் சுருக்கினார். “இதை எதுக்கு இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்றீங்க? இது சின்ன விஷயம். திங்கட்கிழமை சொல்லியிருந்தாக்கூட நான் பெருசா எடுத்திருக்க மாட்டேனே.”

மாமா மெதுவாகச் சொன்னார். “போன தடவையும் நான் அப்படித்தான் டாக்டர் நெனச்சேன்.”

டாக்டர் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, புதன்கிழமை” என்று வைத்தார். பட்டியலை மடித்து வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்தார். “நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரங்க வரேன்னாங்கல்ல? வரவேண்டாம்னு சொல்லிடும்மா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்த மனுஷனைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியவள், யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் இருந்த ஒரு பெரியம்மா பரிதாபமாக எட்டிப் பார்த்து, “ரொம்ப வலிக்குதா கண்ணு? எந்தப் பல்லு?” என்றார்.

கடைவாய்ப் பல் என்று சொல்லி வைத்தேன்.